வட்டக் கழுத்துக்குப் பதில் போட், வி: காறை எலும்பு இருந்தபடியே இருக்க. ஒரு பிளவுஸின் நிகழ்வு ஆய்வு

பெங்களூர் அல்சூரில் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். பட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு அளவு பிளவுஸோடு வருவார்கள். "இதே மாதிரி தைச்சுடுங்க, கழுத்து மட்டும் மாத்துங்க" என்பார்கள். கேட்க எளிதான வேலையாகத்தான் தோன்றும். ஆனால் கழுத்தை மட்டும் மாற்றினால் தோள், முதுகு, கொக்கி எல்லாம் கூடவே மாறிவிடும். ஆல்ட்டரேஷனுக்குத் திரும்பி வருகிற பிளவுஸ்களில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இங்கே எழுதப்போகும் கேஸில் வந்தவர் நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு இரண்டு பிளவுஸ் வேண்டும்: ஒன்று போட் நெக், ஒன்று வி நெக். அளவுக்குக் கொண்டு வந்தது பல வருஷமாக அவருக்குப் பொருந்தி நிற்கும் வட்டக் கழுத்து பிளவுஸ். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"அக்கா, இந்தக் காலர்போன் இப்ப எப்படித் தெரியுதோ அப்படியே தெரியணும். போட் நெக்னு சொல்லி முழுசா மூடிடாதீங்க. போன தடவை வேற கடையில தைச்சது எலும்பு மேலயே உரசிட்டு இருந்தது, ரெண்டு மணி நேரத்துல சிவந்துபோச்சு."

அவர் ஒல்லியான உடல்வாகு. காறை எலும்பு எடுப்பாகத் தெரியும், அதற்குக் கீழே லேசான பள்ளம் உண்டு. மெல்லிய சங்கிலி ஒன்றுதான் போடுவார். அதனால் அந்த இடம் திறந்திருப்பது அவருக்கு அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை. துணி உரசாமல் இருப்பதும் அவருக்கு முக்கியம்.

உடம்பில் மூன்று பொட்டு

அளவு பிளவுஸை மேஜையில் விரித்து அளந்தால் தைத்த துணியின் அளவு கிடைக்கும். எலும்பு எங்கே ஓடுகிறது என்பதை அது சொல்லாது. இப்படிப்பட்ட கேஸில் அளவு பிளவுஸை அவரையே போட்டுக்கொள்ளச் சொல்லி, கண்ணாடி முன் நிற்க வைத்து, சின்ன ஸ்டிக்கர் பொட்டுகளை உடம்பில் ஒட்டுவது என் வழக்கம். மை பென்சில் பட்டுத்துணியில் ஒட்டிக்கொள்ளும், பொட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

முதல் பொட்டு தொண்டைக்குழியில், இரண்டு காறை எலும்பும் வந்து சேரும் இடத்தில். இரண்டாவது, வட்டக் கழுத்தின் ஓரத்துக்குள் எலும்பு மறைகிற இடத்தில். மூன்றாவது, உள்ளாடையின் பட்டை தோளில் உட்காரும் இடத்தில். இறக்கம் எல்லாவற்றையும் ஒரே புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். கழுத்தும் தோளும் சேரும் உயர்ந்த புள்ளி அது. அளவு பிளவுஸில் கழுத்து ஓரமும் தோள் தையலும் சந்திக்கும் இடமும் அதுதான். இந்தக் கட்டுரை முழுக்க நான் "கழுத்துப் புள்ளி" என்று சொல்லப்போவது இதைத்தான்.

இவருக்குக் கிடைத்த கணக்கு இது. எல்லா அகலமும் நடுக்கோட்டிலிருந்து, மடித்த துணியின் பாதிக் கணக்கு. அளவு பிளவுஸில் கழுத்து அகலம் 3 இன்ச், முன்கழுத்து இறக்கம் 6, பின்கழுத்து இறக்கம் 8, தோள் நுனி 6¾. தொண்டைக்குழி கழுத்துப் புள்ளிக்கு 3 இன்ச் கீழே. எலும்பு மறைகிற பொட்டு நடுக்கோட்டிலிருந்து 2¾, கழுத்துப் புள்ளிக்கு 2¼ கீழே. உள்ளாடைப் பட்டையின் உள் ஓரம் 4½.

இதில் நாங்கள் காப்பாற்ற வேண்டியது இரண்டாவது பொட்டை. அது வெளியே இருக்கும்வரை காறை எலும்பு அவர் கேட்டபடி தெரியும்.

போட் நெக்: அளவு எங்கே தொடங்குகிறது

வழக்கமாகக் கடைகளில் போட் நெக் என்றால் அகலம் 4½ அல்லது 5, இறக்கம் 3 என்று ஒரு மனப்பாடக் கணக்கு இருக்கும். இவருக்கு அதைப் போட்டால் துணியின் ஓரம் தொண்டைக்குழி மேலேயே உட்காரும், அங்கிருந்து எலும்பை ஒட்டியே இரண்டு பக்கமும் ஓடும். எலும்பு பாதி மூடியும் பாதி தெரிந்தும் நிற்கும். போன கடையில் உரசியதற்கு இதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

எலும்புக்கு அரை இன்ச் கீழே ஓரத்தைக் கொண்டுபோக முடிவு செய்தோம். அதாவது நடுவில் இறக்கம் 3½. நடுக்கோட்டிலிருந்து 2¾ தள்ளி, ஓரம் கழுத்துப் புள்ளிக்கு 3 இன்ச் கீழே இருக்க வேண்டும். அங்கே எலும்பின் கீழ் ஓரம் சுமார் 2½-இல் இருக்கிறது, அரை இன்ச் இடைவெளி கிடைத்துவிடுகிறது. பிறகு வளைவு மேலே ஏறித் தோளைத் தொடும். அகலம் 4¼-தான் வைத்தேன். 4½-க்குப் போனால் உள்ளாடைப் பட்டை எட்டிப்பார்க்கும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். தோள் சமதரை இல்லை, சரிவு. கழுத்துப் புள்ளியிலிருந்து தோள் நுனிவரை 3¾ இன்ச் வெளியே போவதற்குள் இந்த அளவில் 1½ இன்ச் கீழே இறங்குகிறது. கழுத்தை 3-லிருந்து 4¼-க்கு அகலப்படுத்தினால், புதிய ஓரம் பழைய கழுத்துப் புள்ளிக்கு அரை இன்ச் கீழே போய்விடும். அந்தப் புதிய ஓரத்தில் டேப்பை வைத்து 3½ அளந்தால், உண்மையில் கிடைப்பது 4 இன்ச் இறக்கம். போட் நெக் கேட்டவருக்கு அகலமான வட்டக் கழுத்து போய்ச் சேரும். "போட் மாதிரியே இல்லையே" என்று திரும்பி வருகிற பிளவுஸ்களில் கத்தரி சரியாகத்தான் போயிருக்கும், டேப் வைத்த இடம்தான் தப்பு.

அதனால் அளவு வரைகிற பேப்பரில் பழைய கழுத்துப் புள்ளியை அழிக்கவே கூடாது. தோள் கோட்டையும் பழைய சரிவிலேயே விட வேண்டும். புதிய அகலத்தை அந்தச் சரிவுக் கோட்டின் மேல் குறித்து, இறக்கத்தை மட்டும் பழைய புள்ளியின் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். கைக்குழியும் தோள் நுனியும் அசையாது. குறைவது தோள் பட்டையின் அகலம்தான். 3¾ இருந்தது 2½ ஆகும்.

ஒரு விஷயத்தை வாடிக்கையாளரிடம் வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். போட் நெக் வெளிப்பக்கம் விரிகிற வடிவம் என்பதால், எலும்பு பழையபடி 2¾-இல் மறையாமல் இன்னும் முக்கால் இன்ச் போல வெளியே தெரியும். அதையும் மூட வேண்டுமானால் அகலத்தைக் குறைக்க வேண்டும், அப்போது அது போட் நெக்காக இருக்காது. உள்பக்கம் துளிகூட மூடாது, வெளிப்பக்கம் கொஞ்சம் கூடும் என்றதும் அவர் சம்மதித்தார்.

முதுகும் கொக்கியும்

அளவு பிளவுஸில் பின்கழுத்து 8 இன்ச். அதே இறக்கத்தை 4¼ அகலத்தோடு சேர்த்து வெட்டினால் தோள் நிற்காது. தோளில் பிளவுஸைப் பிடித்து வைப்பது, கழுத்துப் பக்கம் முன்னும் பின்னும் இருக்கிற துணிதான். முன்னால் அகலமாகத் திறந்துவிட்டோம் என்றால் பின்னாலாவது ஏறி நிற்க வேண்டும். பின்னிறக்கம் 4 என்று சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. இறங்கின முதுகு அவருக்குப் பிடிக்கும். கடைசியில் பின்னிறக்கம் 4-இல் ஒரு கொக்கி, அதற்குக் கீழே துளி வடிவத்தில் ஒரு திறப்பு, அதற்குக் கீழே மற்ற கொக்கிகள் என்று முடிவானது. மேலே பிடி இருக்கும், முதுகும் தெரியும்.

கொக்கியை முன்பக்கமிருந்து பின்பக்கம் மாற்றியதற்கு வேறொரு காரணமும் உண்டு. போட் நெக்கின் நடுப்பகுதி ஏறக்குறைய நேர்க்கோடு. அங்கே கொக்கிப் பட்டி வந்தால், மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்த இடம் இரண்டாகப் பிரிந்து சின்ன வி மாதிரி விலகும். முன்துணியை மடிப்பில் வைத்து ஒரே துண்டாக வெட்டி, கொக்கிப் பட்டிக்கான துணியைப் பின்பக்கம் விட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. பேப்பரில் பழைய முன்பட்டியின் அளவைக் கழித்தோமா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். கழிக்க மறந்தால் மார்புச் சுற்றில் கூடுதல் தங்கிவிடும்.

காடாத் துணியில் ட்ரையல்

பட்டுத் துணியைத் தொடுவதற்கு முன் காடாத் துணியில் முன்னும் பின்னும் வெட்டி, பெரிய தையலில் ஓட்டிப் போட்டுப் பார்த்தோம். கை தொங்கவிட்டு நின்றபோது தோள் சரியாகத்தான் இருந்தது. முன்கழுத்து மட்டும் உடம்போடு ஒட்டவில்லை. நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு எழும்பி நின்றது. குனிந்தால் உள்ளே எல்லாம் தெரியும்.

இது துணியின் கோளாறு இல்லை. வட்டக் கழுத்தின் ஓரம் 6 இன்ச் கீழே, மார்பு எழும்பத் தொடங்கும் இடத்தில் உட்காரும். போட் நெக்கின் ஓரமோ காறை எலும்புக்குக் கீழே இருக்கிற பள்ளத்தைக் குறுக்காகக் கடக்கிறது. மேலே எலும்பும் கீழே மார்பும் துணியைத் தாங்கிப் பிடிக்க, நடுவில் பள்ளத்தின் மேல் அது பாலம் போட்டது போல நிற்கும். ஒல்லியானவர்களுக்கு இது இன்னும் அதிகம்.

எழும்பி நின்ற துணியை இரண்டு விரலால் கிள்ளி ஊசி குத்தினோம். மொத்தம் அரை இன்ச், பாதிக் கணக்கில் கால் இன்ச். அதைப் பேப்பரில் எடுக்க இரண்டு வழி உண்டு. எளிய வழி: முன்துண்டின் நடுக்கோட்டைச் சாய்த்து வைப்பது. கழுத்து மட்டத்தில் பேப்பர் கால் இன்ச் மடிப்புக்கு வெளியே தள்ளி நிற்க வேண்டும், மார்பு மட்டத்தில் மடிப்போடு சேர்ந்துவிட வேண்டும். கழுத்து இறுகும், மார்புச் சுற்று மாறாது. ஆனால் கட்டம், கோடு, வரிசையாகப் புட்டா ஓடும் துணி என்றால் நடுவில் அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியும். அப்போது இரண்டாவது வழிக்குப் போக வேண்டும். கழுத்து ஓரத்திலிருந்து மார்பு முனை நோக்கி ஒரு கோடு கிழித்து, அந்தக் கால் இன்ச்சை அங்கே மடித்துவிட்டு, ஏற்கெனவே இருக்கிற கீழ் டாட்டைத் திறந்து அந்தக் கூடுதலை அதற்குள் அனுப்பிவிட வேண்டும். இவர் கொண்டு வந்த துணியில் வரிசைப் புட்டா இருந்ததால் இரண்டாவது வழியையே எடுத்தோம்.

பிறகு மேல் அலமாரியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுக்கச் சொன்னேன். கையை இறக்கியதும் இடது தோள் லேசாக நழுவி நின்றது. தோள் தையலின் கழுத்துப் பக்க நுனியில் மட்டும், முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு, அதாவது ⅛ இன்ச், உள்ளே தள்ளித் தைத்து, தோள் நுனிக்குப் போகும்போது பூஜ்யமாக்கினோம். ஓரம் தோளைக் கவ்விக்கொண்டது. அதற்கு மேல் இழுத்தால் அந்த இடம் சதையில் கோடு போடும்.

ஓரம் முடிப்பதற்குக் கயிறு வைத்த பைப்பிங் வேண்டாம் என்று வெட்டுகிற தம்பியிடம் சொல்லியிருந்தேன். தோள் பக்கம் ஓரம் எலும்பைக் கடக்கும் இடம் ஒன்று உண்டே, அங்கே கயிறு அழுத்தும். அதற்குப் பதில் 1½ இன்ச் அகலத்துக்கு உள்பட்டி. மெல்லிய ஃபியூசிங் ஒட்டி, வளைவில் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுத்து, தையல் துணியை உள்பட்டிப் பக்கம் திருப்பி அதன் மேல் ஒரு ஓரத்தையல். இந்த ஓரத்தையல் இல்லாவிட்டால் நாலு தடவை துவைத்ததும் உள்பட்டி வெளியே எட்டிப்பார்க்கும். லைனிங்குக்கு வழக்கமான டூ-பை-டூ காட்டன், தண்ணீரில் நனைத்துக் காயவைத்தது.

வி நெக்: அதே இறக்கம் எலும்பை அதிகம் மூடும்

வி நெக் திறந்த கழுத்து, அதனால் எலும்பு தானாகவே தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் எதிர்மாறாக வருகிறது. வட்டக் கழுத்து தோளிலிருந்து கொஞ்ச தூரம் நேராக இறங்கிவிட்டுப் பிறகுதான் உள்ளே வளையும். வி-யோ தோளிலிருந்தே நடுவை நோக்கிச் சாயத் தொடங்கிவிடும். இவருடைய பழைய அகலமான 3-ஐ அப்படியே வைத்து, இறக்கத்தை 7 ஆக்கி நேர்க்கோடு போட்டால், எலும்பு மட்டத்தில், அதாவது 2¼ கீழே, துணியின் ஓரம் நடுக்கோட்டிலிருந்து 2 இன்ச்சில் நிற்கும். நாம் காப்பாற்ற வேண்டிய பொட்டு 2¾-இல் இருக்கிறது. பக்கத்துக்கு முக்கால் இன்ச் எலும்பு மூடிப்போகும்.

இறக்கத்தைக் கூட்டி இதைச் சரிசெய்யப் பார்த்தால் எலும்பு மட்டத்தில் கிடைப்பது சொற்பம், மார்பு பக்கம் திறப்பதுதான் அதிகம். அகலத்தை அரை இன்ச் மட்டும் கூட்டி 3½ ஆக்கினோம். இறக்கம் 7. அப்போதும் எலும்பு மட்டத்தில் சுமார் 2⅜-தான் வருகிறது. மீதி ⅜ இன்ச்சுக்கு, கோட்டை அந்த மட்டத்தில் வெளிப்பக்கம் வளைத்து, கீழே போகப்போக வளைவைக் குறைத்து, முனைக்கு இரண்டு இன்ச் மேலிருந்து நேராக விட்டோம். பேப்பரில் பார்த்தால் இலையின் நுனி போலத் தெரியும். போட்டுக்கொண்டால் நேரான வி-யாகவே தெரிகிறது, பொட்டும் வெளியே நிற்கிறது. அளவுகோல் வைத்துப் போட்ட நேர்க்கோடுதான் உடம்பில் உள்ளே குழிந்தது போலக் காட்டும்.

வி-யின் ஓரம் துணியின் இழைக்குச் சாய்வாக, கிராஸில் ஓடுவதால் இழுபடும். வெட்டியதும் துணியைத் தூக்கித் தொங்கவிட்டாலே கால் இன்ச் நீண்டுவிடும். மேஜையை விட்டு எடுப்பதற்கு முன்பே ஓரத்தை ஒட்டி ஃபியூசிங் பட்டை ஒட்டிவிட வேண்டும். அந்தப் பட்டையைத் துணியின் நீள வாட்டத்தில் வெட்ட வேண்டும், கிராஸாக வெட்டினால் அதுவும் சேர்ந்து நீளும். நீண்டுபோயிருக்கிறதா என்று தெரிய, பேப்பரைத் துணி ஓரத்தின் மேல் வைத்துப் பார்த்தால் போதும். துணி அதிகமாக இருந்தால் அந்தக் கழுத்து மார்பில் அலை அலையாக நிற்கும், இஸ்திரி போட்டாலும் போகாது.

இந்த பிளவுஸுக்கு முன்கொக்கியே வைத்தோம். வி-யின் முனை கொக்கிப் பட்டியின் மேல் விழும். முனையை நடுக்கோட்டில் குறிக்க வேண்டும், பட்டியின் விளிம்பில் குறிக்கக் கூடாது. விளிம்பில் குறித்தால் கொக்கி போட்டதும் முனை ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். பின்கழுத்து 8 இருந்ததை 7 ஆக்கி, மேலே ஒரு நாடா கட்டினோம். முன்னும் பின்னும் இறங்கியிருக்கும்போது தோள் நிற்க நாடா தேவை.

பழையதையும் மாற்றலாமா

பிளவுஸ் வாங்க வந்தபோது இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு அவர் ஒரு பையைத் திறந்தார். உள்ளே நாலைந்து பழைய வட்டக் கழுத்து பிளவுஸ்.

"இதையெல்லாம் இதே மாதிரி மாத்தித் தருவீங்களா அக்கா?"

"போட் ஆகாதும்மா. அங்க துணியே இல்லையே."

போட் நெக்குக்கு வேண்டியது 3½ இறக்கம். பழையதில் 6 வரை வெட்டியாகிவிட்டது. வெட்டிப்போட்ட 2½ இன்ச் துணி குப்பைக்குப் போய் எவ்வளவோ காலமாகிறது. வி ஆகும், ஆனால் எங்கே போய் நிற்கிறது பாருங்கள். வட்டத்தின் வளைவு நேர்க்கோட்டுக்கு வெளியே பிதுங்கியிருப்பதால், அந்தப் பிதுக்கத்தையும் தாண்டித்தான் கோடு போட முடியும். தோளில் அகலம் 4-இல் தொடங்கினால் முனை 9 இன்ச்சுக்கு இறங்கிவிடுகிறது. 4½-இல் தொடங்கினால் 8-இல் நிற்கும், ஆனால் உள்ளாடைப் பட்டை வெளியே வந்துவிடும். ஓரம் மடித்துத் தைக்கும் கால் இன்ச் வேறு இருக்கிறது. இவருக்கு மார்பு முனை 10-இல். மேல் கொக்கிகளையும் இழக்க வேண்டியிருக்கும்.

ஒரு வழி உண்டு. வட்டத்துக்குள் அதே நிறத்தில் நெட் துணியோ லைனிங் போட்ட பட்டுத் துண்டோ வைத்து, அதன் மேல் ஓரத்தைப் போட் நெக்காகவோ வி-யாகவோ வெட்டுவது. பழைய வட்டத்தின் இணைப்புக்கோடு மார்பில் தெரியும். அதன் மேல் ஒரு மெல்லிய லேஸ் ஓட்டினால் வேண்டுமென்றே வைத்த டிசைனாகிவிடும். கொக்கி முன்னால் இருந்தால் வைக்கும் துண்டையும் நடுவில் பிரித்து மேலே இன்னும் ஒரு கொக்கி வைக்க வேண்டும், அதனால் போட் வடிவம் இதில் சுத்தமாக வராது. அவரிடம் இருந்தவை எல்லாமே முன்கொக்கி. இரண்டை மட்டும் நெட் வைத்து வி ஆக்கத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார், மற்றவற்றைப் பையில் போட்டுக்கொண்டார்.